அத்தையின் கரண்டி எத்தனை லிட்டர்?

கும்பகோணம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கல்யாண வீடுகளுக்குச் சமைத்தே தலை நரைத்த அத்தை ஒருவர் இருந்தார். அவரிடம் கிலோ கணக்கும் கிடையாது, லிட்டர் கணக்கும் கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரே எவர்சில்வர் குழிக்கரண்டிதான். அடியில் ஒடுக்கு விழுந்து, விளிம்பில் ஒரு பக்கம் நெளிந்துபோன கரண்டி. அண்ணன் மகன் ஒரு நோட்டோடு வந்து உட்கார்ந்து, உப்புமாவுக்கு என்ன அளவு என்று கேட்டான்.

"பத்துக் கரண்டி ரவைக்கு முப்பது கரண்டி தண்ணி. ஒண்ணுக்கு மூணு, அவ்வளவுதான்டா."

அவன் கரண்டியை மேசைமேல் அசையாமல் நிறுத்தி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, அளவுக் குவளையில் கவிழ்த்துப் பார்த்தான். 180 மில்லி வந்தது. நோட்டில் எழுதினான்: ரவை 1.8 லிட்டர், தண்ணீர் 5.4 லிட்டர். அதன்படியே கிண்டியபோது ரவை வெந்து குழைந்து கஞ்சியாகிவிட்டது. பெருக்கலில் தவறே இல்லை. தவறு நடந்தது அளந்த விதத்தில்.

"முழுக் கரண்டி எவன்டா ஊத்துவான்? நான் ஊத்துறதைப் பாரு" என்றார் அத்தை. அண்டாவிலிருந்து அவர் மொண்டபோது கரண்டி லேசாகச் சாய்ந்தது. எந்தப் பாத்திரமும் தன் விளிம்பின் தாழ்ந்த இடம்வரைதான் தண்ணீரைப் பிடித்துவைக்கும். நெளிந்த இடம் வழியாகக் கொஞ்சம் வடிந்துவிட்டது. கரண்டி கொள்ளும் அளவு வேறு, கை ஊற்றும் அளவு வேறு. சமையலுக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

அதை அளப்பது எளிது. காலி வாளியைத் தராசில் வைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தான். அத்தை வழக்கம்போல் பத்துக் கரண்டி ஊற்றினார். எடை 1,600 கிராம். ஒரு மில்லி தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிராம் என்பதால் கரண்டிக்கு 160 மில்லி. ஒரு கரண்டியை மட்டும் அளந்தால் கை கூடக்குறையப் போவது அப்படியே கணக்கில் ஏறிவிடும். பத்தைச் சேர்த்து அளந்து வகுத்தால், ஒன்றில் கூடியது இன்னொன்றில் குறைந்து சராசரி நிலைக்கும்.

அடுத்தது ரவை. தண்ணீரைப் போல ரவை மட்டமாக நிற்பதில்லை. அத்தை அதைத் தலைதட்டாமல், கோபுரமாகக் குவித்துத்தான் அள்ளினார். அப்படி அள்ளிய பத்துக் கரண்டி ரவையை அளவுக் குவளையில் கொட்டிப் பார்த்தால் 2.4 லிட்டர்; கரண்டிக்கு 240 மில்லி. குவியலிலேயே மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது.

இப்போது கணக்கைப் பாருங்கள். அத்தையின் முப்பது கரண்டித் தண்ணீர் 4.8 லிட்டர். பத்துக் கரண்டி ரவை 2.4 லிட்டர். உண்மையான விகிதம் ஒன்றுக்கு இரண்டு. 'ஒண்ணுக்கு மூணு' என்று அத்தை சொன்னது அவருடைய கரண்டிக்கும் கைக்கும் முழுக்கச் சரி. அளவுக் குவளைக்குப் பொருந்தாது. ரவையையும் தண்ணீரையும் ஒரே விதமாக மொண்டிருந்தால் எந்தக் கரண்டியானாலும் விகிதம் மாறாது, லிட்டரே தேவைப்படாது. ஒன்றைக் குவித்தும் மற்றதைச் சாய்த்தும் எடுப்பதால்தான் கணக்கு பிரிகிறது.

கடைக்குப் போகும்போது இன்னொரு சிக்கல். ரவையை லிட்டரில் விற்பதில்லை. ஒரு லிட்டர் ரவை ஒரு கிலோவும் இருக்காது, ஏறக்குறைய 700 கிராம்தான். ஆகவே 2.4 லிட்டருக்கு 1.7 கிலோ வாங்க வேண்டும். எண்ணெயும் தண்ணீரைவிட லேசு. ஒரு லிட்டர் சுமார் 910 கிராம். அதைத் தராசில் வைத்து 'கிராம்தான் மில்லி' என்று எழுதினால் லிட்டருக்கு 90 மில்லி குறைவாகக் காட்டும். அதோடு எண்ணெய் கரண்டியில் ஒட்டிக்கொண்டு முழுதும் வடியாது.

கரண்டியில் இன்னொரு ஒடுக்கு விழுந்தால் 160 என்ற எண்ணும் பழசாகிவிடும். நோட்டில் எழுதிய லிட்டரும் கிலோவும் மாறாது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கைப்பக்குவத்தை எழுதிவைக்க நினைத்தால், கரண்டியை வாங்கி நீங்கள் அளக்காதீர்கள். அவர்களையே ஊற்றவும் அள்ளவும் சொல்லுங்கள். பத்து முறை எடுத்து வகுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை லிட்டரிலும் மாவையும் ரவையையும் கிராமிலும் எழுதுங்கள். பக்கத்திலேயே, குவித்ததா தலைதட்டியதா என்பதையும் குறித்துவையுங்கள். அந்த ஒரு குறிப்பு இல்லாத அளவு, அடுத்தவர் கையில் உதவாது.