அவசரச் சட்டத்துக்கு ஆயுள் ஆறு வாரமா? ஒரு தப்பான அட்டையும் அதைத் திருத்திய விதமும்

அக்கா மகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். நான் ஒரு காலத்தில் படித்தபோது எழுதி வைத்த அட்டைக் கட்டை அவளிடம் கொடுத்திருந்தேன். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். போன மாதம் ஒரு மாதிரித் தேர்வு எழுதிவிட்டு வந்து, "மாமா, உங்க அட்டையால ஒரு மார்க் போச்சு" என்றாள்.

கேள்வி இதுதான்: குடியரசுத் தலைவர் பிறப்பிக்கும் அவசரச் சட்டம், பிறப்பித்த நாளிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு காலம் நீடிக்க முடியும்? என் அட்டையில் "அவசரச் சட்டத்தின் ஆயுள்? – 6 வாரம்" என்று இருந்தது. அவளும் அதையே குறித்திருக்கிறாள். சரியான விடை சுமார் ஆறு மாதம் ஆறு வாரம்.

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அட்டை போட்டுப் படிப்பதில் இருக்கும் ஆபத்தே இதுதான். தப்பாக எழுதிவிட்டால் அந்தத் தப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்து நன்றாக மனப்பாடம் செய்துவிடுவோம். அன்று ராத்திரியே அந்த ஒரு அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, எங்கே சறுக்கினேன் என்று இரண்டு பேரும் பார்த்தோம்.

பாடநூல் பாணியில் அந்த விஷயம் ஏறக்குறைய இப்படித்தான் வரும்:

"நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கூட்டத்தொடரில் இல்லாத காலத்தில், உடனடி நடவடிக்கை தேவை எனக் கருதும் குடியரசுத் தலைவரால் 123-வது பிரிவின்கீழ் பிறப்பிக்கப்படும் அவசரச் சட்டம், நாடாளுமன்றச் சட்டத்துக்கு இணையான வலிமை உடையதாயினும், இரு அவைகளின் முன்பும் வைக்கப்பட்டு, நாடாளுமன்றம் மீண்டும் கூடியதிலிருந்து ஆறு வார முடிவிலோ, அதற்கு முன்பே இரு அவைகளும் அதை ஏற்காத தீர்மானம் நிறைவேற்றினால் அப்போதோ செயலிழக்கும்."

மூச்சு வாங்குது இல்லையா? இதை அப்படியே அட்டையாக்க முடியாது. "அவசரச் சட்டம் பற்றி எழுதுக" என்று கேட்டு இத்தனையையும் பின்னால் எழுதினால், முதல் இரண்டு விஷயம் ஞாபகம் வந்ததுமே "தெரியும்" என்று அட்டையைத் தள்ளிவிடுவோம். மீதி கடைசிவரை ஏறாது. அதனால்தான் நான் சுருக்கினேன். ஆனால் சுருக்கும்போது வெட்டக்கூடாததை வெட்டிவிட்டேன்.

முதல் வேலை, வாக்கியத்தை உடைப்பது. கேள்வி எழுத அவசரப்படாமல், அது சொல்லும் சேதிகளை ஒரு வரிக்கு ஒன்றாக எழுதிப் பார்த்தோம். பிறப்பிப்பவர் யார், எந்தப் பிரிவு, எப்போது பிறப்பிக்கலாம், அதற்கு என்ன வலிமை, யார் முன்பு வைக்க வேண்டும், எப்போது காலாவதி, முன்கூட்டியே எப்படிச் சாகும் என்று ஏழு தேறியது. யார், எந்தப் பிரிவு என்ற இரண்டும் அவளுக்கு முன்பே தெரியும், அவற்றுக்கு அட்டை வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

இரண்டாவது வேலை, நிபந்தனையைக் கேள்விக்குள் தள்ளுவது. என் அட்டை தப்பானது இங்கேதான். "ஆறு வாரம்" என்பது பொய் இல்லை. "நாடாளுமன்றம் மீண்டும் கூடியதிலிருந்து" என்ற மூன்று சொல் கூட இருந்தால்தான் அது உண்மை. பதில் ஒரு வரியில் அடங்க வேண்டும் என்று அந்த மூன்று சொல்லை நான் தூக்கி எறிந்திருக்கிறேன். பதிலில் இடமில்லை என்றால் அதைக் கேள்விக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும்:

கே: அவசரச் சட்டத்துக்கான 6 வாரக் கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது?
ப: நாடாளுமன்றம் மீண்டும் கூடும் நாளில்.

எண்ணைக் கேள்வியிலேயே கொடுத்துவிட்டோம். ஆறு வாரம் என்பது யாருக்கும் எளிதில் ஒட்டிக்கொள்ளும். மறந்துபோவது தொடக்க நாள்தான். அட்டை அதைத்தான் கேட்க வேண்டும்.

இரு அவைகளும் வெவ்வேறு நாளில் கூடினால்? பிந்திய நாளிலிருந்து கணக்கு. ஒரு பேச்சுக்கு, ஜனவரி 10-ல் அவசரச் சட்டம் வருகிறது, மக்களவை ஜனவரி 31-லும் மாநிலங்களவை பிப்ரவரி 3-லும் கூடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரி 3-லிருந்து 42 நாள் எண்ண வேண்டும், அதாவது மார்ச் நடுப்பகுதி வரை. இதற்கு அவள் தனி அட்டை போட்டுக்கொண்டாள்.

தேர்வில் கேட்ட "அதிகபட்சம்" இந்தப் பாட வாக்கியத்திலேயே இல்லை. 85-வது பிரிவின்படி ஒரு கூட்டத்தொடரின் கடைசி அமர்வுக்கும் அடுத்ததன் முதல் அமர்வுக்கும் நடுவே ஆறு மாதம் இடைவெளி விழக்கூடாது. கூட்டத்தொடர் முடிந்த கையோடு அவசரச் சட்டம் பிறப்பித்தால் அந்த ஆறு மாதமும் ஓடும், அதற்குமேல் ஆறு வாரம். ஆகவே இந்த அட்டை:

கே: அவசரச் சட்டம் அதிகபட்சம் 6 மாதம் 6 வாரம் நீடிக்கலாம் என்பதில் அந்த 6 மாதம் எங்கிருந்து வருகிறது?
ப: இரு கூட்டத்தொடர்களுக்கு இடையே அனுமதிக்கப்படும் அதிகபட்ச இடைவெளி.

மூன்றாவது வேலை, சோதனை. கேள்வியையும் பதிலையும் சேர்த்து ஒரே வாக்கியமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். பாடநூலை மூடிவிட்டு, அந்த வாக்கியம் தனியாக நின்று உண்மையா என்று கேட்க வேண்டும். "அவசரச் சட்டத்தின் ஆயுள் 6 வாரம்." தனியாக நிற்கவில்லை, விழுந்துவிட்டது. பத்து விநாடி வேலைதான், அன்றைக்கு நான் செய்யவில்லை.

இந்தச் சோதனையில் இன்னொரு அட்டையும் மாட்டியது. "எப்போது பிறப்பிக்கலாம்? – இரு அவைகளும் கூட்டத்தொடரில் இல்லாதபோது." பாட வாக்கியத்தைப் பார்த்து எழுதியதுதான். அவள், "ஒரு அவை மட்டும் நடந்துட்டிருந்தா?" என்று கேட்டாள். அட்டைப்படி பார்த்தால் கூடாது என்று தோன்றும். ஆனால் அரசமைப்புச் சட்டம் தடுப்பது இரண்டு அவைகளும் கூட்டத்தொடரில் இருக்கும்போது மட்டுமே. ஒன்று மட்டும் இருந்தால் சட்டம் இயற்ற முடியாதே, அதனால் பிறப்பிக்கலாம். "இரு அவைகளும் இல்லாத" என்ற தொடர் தமிழில் இரண்டு விதமாகவும் படிக்க இடம் தருகிறது. நீள வாக்கியத்துக்குள் அது கண்ணில் படவில்லை, அட்டையில் தனியாக நின்றதும் பட்டது. மாற்றி எழுதினோம்:

கே: மக்களவை மட்டும் கூட்டத்தொடரில் இருக்கிறது. அவசரச் சட்டம் பிறப்பிக்கலாமா?
ப: பிறப்பிக்கலாம், இரு அவைகளும் இருந்தால்தான் கூடாது.

ஆமா, இல்லை என்று பதில் வரும் அட்டையில் ஒரு குறை உண்டு. நாலு தடவை பார்த்ததும் கேள்வியின் முகத்தைப் பார்த்தே பதில் வந்துவிடும். அதனால்தான் பதிலில் காரணத்தையும் ஒட்டிவைத்தோம். காரணம் சொல்ல வராவிட்டால் தெரியாது என்று கணக்கு.

கடைசியில் அந்த ஒரே அட்டை இருந்த இடத்தில் ஏழு அட்டைகள் வந்தன. கூடுதல் வேலை போலத் தெரியும். ஆனால் ஒவ்வொன்றும் சில விநாடியில் முடிகிறது, எது தெரியவில்லை என்பதும் துல்லியமாகத் தெரிகிறது.

பழைய அட்டையைக் கிழிக்கப் போனேன். "இருக்கட்டும் மாமா" என்று வாங்கி, பின்பக்கம் "எதிலிருந்து?" என்று எழுதிக் கட்டின் மேலேயே வைத்துக்கொண்டாள். அந்தக் கட்டில் இன்னும் முந்நூறு அட்டைக்குமேல் இருக்கிறது. எல்லாவற்றையும் இப்படிச் சேர்த்துச் சொல்லிப் பார்க்க வேண்டும். நேற்றுவரை நாற்பது பார்த்ததில் மூன்று விழுந்திருக்கின்றன.