செய்தி முதல் வரியில் இருக்கட்டும்

குத்தம்பாக்கத்தில் கிராம சபை முடிந்ததும் ஒருவர் செய்திக்குறிப்பு எழுதிப் பூந்தமல்லி நிருபருக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்று அதே நிருபருக்குக் கும்பாபிஷேகம், பள்ளி ஆண்டு விழா, கட்சி ஆர்ப்பாட்டம் என்று இன்னும் பல குறிப்புகள் வந்திருக்கும். இரண்டு வரி படித்துப் பார்ப்பார். அதற்குள் செய்தி தென்படவில்லை என்றால் அடுத்ததற்குப் போய்விடுவார். தப்பிப் பிழைத்துப் பக்கத்துக்குப் போனாலும், இடம் போதாதபோது செய்தியைக் கீழிருந்துதான் வெட்டுவார்கள். கடைசிப் பத்தியில் வைத்த தீர்மானம் அச்சில் வராது. முதல் பத்தியில் வைத்த "முன்னிலை வகித்தார்" வந்துவிடும்.

நம் ஊர்க் குறிப்புகள் பெரும்பாலும் அழைப்பிதழைப் பார்த்து எழுதியவை போலவே இருக்கின்றன. "காந்தி ஜெயந்தியை முன்னிட்டு சிறப்பு கிராம சபைக் கூட்டம் இன்னார் தலைமையில், இன்னார் முன்னிலையில், இன்னார் வரவேற்புரையாற்ற, சீரும் சிறப்புமாக நடைபெற்றது." அக்டோபர் 2 அன்று தமிழ்நாடு முழுக்கக் கிராம சபை நடக்கும். நடந்தது என்பது செய்தியே அல்ல. அங்கே என்ன முடிவானது என்பதுதான் செய்தி.

தமிழில் எழுதுகிறவருக்கு இதில் தனியான சிக்கல் ஒன்று உண்டு. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வரும். "முன்னிட்டு", "வரவேற்புரையாற்ற", "வலியுறுத்தி" என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால், என்ன நடந்தது என்பது நாற்பதாவது சொல்லில்தான் தெரியும். ஆகவே முக்கியமான செய்தியை முதலில் வைப்பது என்றால், தமிழில் முதல் வாக்கியத்தைச் சின்னதாக்குவது. பன்னிரண்டு, பதினைந்து சொல்லுக்குள் முடித்து முற்றுப்புள்ளி வைத்துவிட வேண்டும். மற்றவை அடுத்த வாக்கியத்துக்குப் போகட்டும். 1942-ல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா.ஆதித்தனார் சின்னச் சின்ன வாக்கியங்களை வற்புறுத்தினார். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் செய்தி புரிய வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

எது முதல் வரிக்குரியது என்று கண்டுபிடிக்கக் குத்தம்பாக்கத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. பொறியாளரான ரெங்கசாமி இளங்கோ 1996-ல் ஊராட்சித் தலைவரான பிறகு, இங்கே சமத்துவபுரம் கட்டினார்கள். அதைப் பற்றி ஒரு குறிப்பு எழுதச் சொன்னால் "100 வீடுகள் கொண்ட சமத்துவபுரம்" என்று தொடங்கத்தான் கை போகும். ஆனால் 100 வீடு என்பது அரசுத் திட்டத்தின் பொது அளவு. மற்ற ஊர்களிலும் அதே எண்ணிக்கைதான். குத்தம்பாக்கத்துக்கே உரியது வேறு. இங்கே கட்டியவை 50 இரட்டை வீடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பாதியில் தலித் குடும்பம், மறுபாதியில் தலித் அல்லாத குடும்பம். "ஒரே சுவரின் இரு பக்கமும் தலித் குடும்பமும் மற்றொரு சமூகக் குடும்பமும் குடியிருக்கும் 50 இரட்டை வீடுகள் குத்தம்பாக்கத்தில் கட்டப்பட்டுள்ளன" என்பதுதான் முதல் வாக்கியம். பக்கத்து ஊரின் பெயரைப் போட்டாலும் பொருந்தக்கூடிய வாக்கியம் முதல் வரிக்கு ஆகாது.

இனி கிராம சபைக்கு வருவோம். பின்வருவது எழுதும் முறையைக் காட்டுவதற்கான மாதிரி, எண்கள் கற்பனையானவை.

"குத்தம்பாக்கம் ஊராட்சியில் புதிய மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி கட்டக் கோரி அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் நிறைவேறியது. கூட்டத்தில் 236 பேர் கலந்துகொண்டனர். இப்போதுள்ள 30,000 லிட்டர் தொட்டியை நம்பி 410 வீடுகள் உள்ளன. தொட்டி நாளுக்கு இருமுறை நிரப்பப்படுகிறது."

"இன்று" என்று எழுதாமல் தேதியையே எழுதியதற்குக் காரணம் உண்டு. நாளை காலை படிக்கிறவருக்கு இன்று என்பது வேறு நாள். 236 என்ற எண் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துகளை எண்ணி எடுப்பது. பதிவேடு இருக்கும்போது "ஏராளமானோர்", "200-க்கும் மேற்பட்டோர்" என்று எழுதுவது கையில் இருக்கும் ஆதாரத்தை வீசி எறிவதாகும். அந்த எண்ணுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. 3,001 முதல் 10,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் கிராம சபைக்குக் குறைந்தது 200 பேர் வர வேண்டும் என்பது விதி. தீர்மானம் செல்லுமா என்ற கேள்விக்கு அந்த ஓர் எண்ணே பதில் சொல்லிவிடும்.

தொட்டிக் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். 30,000 லிட்டர் தொட்டி, 410 வீடு என்று மட்டும் எழுதினால் ஒரு வீட்டுக்கு 73 லிட்டர் என்று நிருபர் வகுத்துப் போட்டுவிடுவார். நாளுக்கு இரண்டு முறை நிரப்புகிறார்கள் என்றால் அது 146 லிட்டர். அந்த விவரத்தை விட்டுவிட்டால், ஊராட்சி மறுநாளே மறுப்புக் கொடுக்கலாம். நியாயமான கோரிக்கையும் பொய்யாகத் தெரியும். 146 என்பதும் குறைவுதான். ஜல் ஜீவன் திட்டம் ஒருவருக்கு நாளுக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறது. நாலு பேர் வீட்டுக்கு 220 லிட்டர் வேண்டும். மிகைப்படுத்தாத எண்ணே கோரிக்கைக்குப் போதுமான வலு தருகிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் அது எங்கிருந்து வந்தது என்று அனுப்புகிறவர் தன் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மேற்கோள் இதைவிடக் கடினம், ஏனென்றால் மக்கள் பேசுவது பேச்சுத் தமிழ், அச்சாவது எழுத்துத் தமிழ். கூட்டத்தில் ஓர் அம்மா, "காலையில அரை மணி நேரம்தான் தண்ணி வருது, ரெண்டு குடம் புடிக்கறதுக்குள்ள நின்னுடுது" என்கிறார். "காலையில் அரை மணி நேரம்தான் தண்ணீர் வருகிறது, இரண்டு குடம் பிடிப்பதற்குள் நின்றுவிடுகிறது" என்று எழுதலாம். சொற்கள் அவருடையவை, உச்சரிப்பு மட்டும் அச்சு வடிவுக்கு வந்திருக்கிறது. "முறையான குடிநீர் விநியோகம் இன்மையால் பொதுமக்கள் பெரும் அவதிக்குள்ளாகி வருகின்றனர்" என்று எழுதி மேற்கோள் குறிக்குள் வைத்தால், அந்த அம்மா சொல்லாததைச் சொல்ல வைத்ததாகும். இரண்டு குடம் என்ற சாட்சியமும் அதில் காணாமல் போய்விட்டது. சரியான சொற்கள் நினைவில் இல்லை என்றால் மேற்கோள் குறி வேண்டாம். "தண்ணீர் சீக்கிரம் நின்றுவிடுவதாக அவர் தெரிவித்தார்" என்று அயற்கூற்றாக எழுதுவதே நேர்மை. பெயர் போடுவதற்கு முன் எழுதியதை அவரிடம் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும். அதிகாரி பதில் சொன்னால் அதற்கும் இதே விதி. பதவியைச் சரியாகக் குறிப்பிட வேண்டும். ஊராட்சிச் செயலரும் வட்டார வளர்ச்சி அலுவலரும் ஒருவரல்லர்.

தலைமை, முன்னிலை, நன்றியுரை எல்லாம் கடைசிப் பத்தியில் ஒரே வாக்கியமாக இருக்கட்டும். வெட்டினாலும் செய்திக்குச் சேதமில்லை.

குறிப்பை யூனிகோடில் தட்டச்சு செய்து வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்புங்கள். லெட்டர்பேடைப் படம் பிடித்து அனுப்பினால் நிருபர் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். 236 அங்கேதான் 263 ஆகிறது. புகைப்படத்தில் இருப்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக எழுதி உடன் அனுப்புங்கள். உள்ளூர்ப் பக்கத்தை எத்தனை மணிக்கு முடிப்பார்கள் என்று முன்கூட்டியே நிருபரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. குறிப்பின் அடியில் ஒரே ஒரு கைபேசி எண் போதும், ஆனால் அது வருகைப் பதிவேட்டையும் தீர்மான நகலையும் கையில் வைத்திருப்பவருடைய எண்ணாக இருக்க வேண்டும். அன்று மாலை நிருபர் அழைக்கும்போது அவர் எடுத்தாக வேண்டும்.