கேட்டது கிளிக், கிடைத்ததும் கிளிக்

வீட்டிலிருந்தபடியே புடவை, மசாலாப் பொடி, கைவினை நகை என்று விற்கிறவர்கள் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் போடுவது இன்று சர்வசாதாரணம். அவர்களில் பலரிடம் ஒரே குறையைக் கேட்கலாம். "ஐயாயிரம் ரூபாய் போட்டேன், கிளிக் ஆயிரக்கணக்கில் வந்தது, ஆர்டர்தான் வரவில்லை." உடனே படத்தை மாற்றுகிறார்கள், விலையைக் குறைக்கிறார்கள், வேறு ஆளை வைத்து வீடியோ எடுக்கிறார்கள். அவை எதையும் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. விளம்பரம் உருவாக்கத் தொடங்கியதும் முதல் திரையில் வரும் 'கேம்பெயின் ஆப்ஜெக்டிவ்' என்ற கேள்விக்கு என்ன பதில் கொடுத்தோம் என்பதுதான் அது.

மெட்டா நிறுவனத்தின் விளம்பரத் தளத்தில் முன்பு இந்தக் கேள்விக்குப் பதினொரு பதில்கள் இருந்தன. 2021 இறுதியில் அவற்றை ஆறாகச் சுருக்கப்போவதாக அறிவித்து, படிப்படியாக மாற்றினார்கள். இப்போது இருப்பவை அவேர்னஸ், டிராஃபிக், என்கேஜ்மென்ட், லீட்ஸ், ஆப் புரமோஷன், சேல்ஸ். பார்த்தால் கோப்பின் மேல் ஒட்டும் பெயர்ச்சீட்டு போலத் தோன்றும். அதனால் பலர் ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். உண்மையில் உங்கள் பணத்தை எந்த மாதிரி ஆட்களைத் தேடிச் செலவழிக்க வேண்டும் என்ற உத்தரவு அது.

அந்த உத்தரவு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒருவர் தன் கைபேசியில் இன்ஸ்டாகிராமைத் திறக்கும்போது, அவருக்கு எந்த விளம்பரத்தைக் காட்டுவது என்று ஒவ்வொரு முறையும் ஓர் ஏலம் நடக்கிறது. அதிகப் பணம் தருகிறவர்தான் ஜெயிப்பார் என்பதில்லை. விளம்பரதாரர் கேட்கும் தொகையோடு, 'நாம் கேட்ட காரியத்தை இந்த நபர் செய்வதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது' என்ற கணிப்பைப் பெருக்குகிறார்கள். அதனுடன் விளம்பரத்தின் தரத்துக்கு ஒரு மதிப்பைச் சேர்க்கிறார்கள். மொத்தத்தில் எது பெரிதோ அது திரையில் வரும். இதில் 'நாம் கேட்ட காரியம்' எது என்பதை முடிவு செய்வதுதான் ஆப்ஜெக்டிவ். டிராஃபிக் என்று கொடுத்தால், ஒருவர் கிளிக் செய்வாரா என்று மட்டுமே கணிப்பு ஓடும். சேல்ஸ் என்று கொடுத்து, வாங்குவதை இலக்காக வைத்தால், அவர் வாங்குவாரா என்று ஓடும்.

கோயம்புத்தூரில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கண்ணில் படும் புடவைப் படங்களையெல்லாம் தொட்டுப் பார்ப்பார், ரசிப்பார், மூடிவிடுவார். இன்னொருவர் விளம்பரங்களைத் தொடுவதே அபூர்வம், ஆனால் தொட்டால் பெரும்பாலும் வாங்கிவிடுவார். டிராஃபிக் விளம்பரத்துக்கு முதலாமவர்தான் சிறந்த ஆள். இரண்டாமவர் பக்கம் அது போகவே தயங்கும். இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த இரண்டாவது பெண்ணை எட்டுவதற்குத் துணிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை என்று ஏகப்பட்ட பேர் ஏலத்தில் நிற்கிறார்கள், எனவே அவர் திரையில் இடம் பிடிக்கக் கூடுதல் செலவாகும். முதலாமவருக்குப் போட்டி குறைவு, செலவும் குறைவு. டிராஃபிக் விளம்பரத்தில் கிளிக் மலிவாகக் கிடைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். விற்க நினைக்கிற மற்றவர்கள் அதிகம் நாடாத ஆட்கள் நம் பங்குக்கு வந்து சேர்கிறார்கள்.

கணக்குப் போட்டால் வித்தியாசம் தெரியும். நான் தரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஒருவர் கோவை கோரா காட்டன் புடவையைத் தன் இணையதளத்தில் 2,400 ரூபாய்க்கு விற்கிறார், விளம்பரச் செலவுக்கு முன் ஒரு புடவைக்கு 700 ரூபாய் நிற்கிறது. டிராஃபிக் விளம்பரத்தில் 5,000 ரூபாய் போடுகிறார். கிளிக் ஒன்றுக்கு 2 ரூபாய், ஆக 2,500 கிளிக். விற்றது 2 புடவை. அதே படத்தை, அதே வாசகத்தை, அதே பணத்தைச் சேல்ஸில் போடுகிறார். கிளிக் ஒன்றுக்கு 12 ரூபாய் 50 காசு ஆகிறது, கிடைப்பது 400 கிளிக்தான். விற்பது 10 புடவை. முதல் கணக்கில் ஒரு புடவையை விற்க 2,500 ரூபாய் செலவு, அதாவது புடவையின் விலையையே தாண்டிவிட்டது. இரண்டாவதில் 500 ரூபாய் செலவு, கையில் 200 நிற்கிறது. ஆனால் திரையில் 'ஒரு கிளிக்குக்கு ஆன செலவு' என்ற பத்தியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர், முதல் விளம்பரத்தைத்தான் வெற்றி என்று நினைத்து அதற்கு இன்னும் பணம் போடுவார். தவறான நோக்கம் தோல்வியாகத் தெரியாது என்பதுதான் இதில் என்னை மிகவும் கவலைப்படுத்துகிற விஷயம். அறிக்கை முழுக்க நல்ல எண்களாகவே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஆட்ஸ் மேனேஜரில் 'லிங்க் கிளிக்ஸ்' என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 'லேண்டிங் பேஜ் வியூஸ்' என்ற எண்ணையும் வரவழைத்துப் பாருங்கள். முதலாவது எத்தனை முறை தொட்டார்கள் என்பது. இரண்டாவது எத்தனை முறை உங்கள் பக்கம் திறந்தது என்பது. இது தெரிய உங்கள் தளத்தில் மெட்டா பிக்ஸல் பொருத்தியிருக்க வேண்டும். 2,500 கிளிக்குக்கு 1,400 முறைதான் பக்கம் திறந்திருக்கிறது என்றால், ஒன்று உங்கள் தளம் மெதுவாகத் திறக்கிறது, அல்லது தொட்டவர்கள் தெரியாமல் தொட்டிருக்கிறார்கள். அடுத்து 'பிரேக்டவுன்' பட்டியலில் 'பிளேஸ்மென்ட்' என்பதைத் தேர்ந்தால், எந்த இடத்திலிருந்து கிளிக் வந்தது என்று பிரித்துக் காட்டும். அதில் 'ஆடியன்ஸ் நெட்வொர்க்' என்ற வரியைக் கவனியுங்கள். மற்ற நிறுவனங்களின் செயலிகளில், குறிப்பாக கேம்களில், மெட்டா விளம்பரம் காட்டும் இடம் அது. விளையாட்டின் நடுவே மூடப் போன விரல் தவறிப் பட்டாலும் கிளிக்தான். கிளிக் மட்டுமே கேட்கிற விளம்பரம் அந்தப் பக்கம் சாய்வதில் ஆச்சரியம் இல்லை.

அப்படியானால் எல்லோரும் சேல்ஸைத் தேர்ந்துவிட்டால் தீர்ந்ததா என்றால், அங்கேயும் ஒரு தடை உண்டு. யார் வாங்குவார்கள் என்று கற்றுக்கொள்ள அமைப்புக்கு உதாரணங்கள் வேண்டும். ஓர் 'ஆட் செட்'டுக்கு வாரம் சுமார் 50 முறை இலக்கு நிறைவேறினால் கற்றல் கட்டம் முடிந்து முடிவுகள் நிலைப்படும் என்பது மெட்டாவே சொல்லும் அளவு. நம் புடவைக் கணக்கில் 50 ஆர்டருக்கு வாரம் 25,000 ரூபாய் வேண்டும். வாரத்துக்கு ஐயாயிரம் போடுகிறவருக்கு எட்டாத தொகை. 'லேர்னிங் லிமிடெட்' என்று திரையில் வரும். அதனால் விளம்பரம் நின்றுவிடாது, ஆனால் முடிவு ஒருநாள் ஏறும், ஒருநாள் இறங்கும். சிறிய பணத்தை ஐந்து ஆட் செட்டாகப் பிரிப்பவர்கள் இந்தச் சிக்கலைத் தாங்களே ஐந்து மடங்காக்கிக்கொள்கிறார்கள். ஒரே ஆட் செட்டாக வைத்து, அடிக்கடி கை வைக்காமல் விடுவது நல்லது. பெரிய மாற்றம் செய்தால் கற்றல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இன்னொரு வழி, இலக்கை ஒரு படி முன்னால் நகர்த்துவது. நோக்கம் சேல்ஸாகவே இருக்கட்டும், ஆனால் எதை நோக்கி ஓட வேண்டும் என்ற இடத்தில் 'பர்ச்சேஸ்' என்பதற்குப் பதிலாக 'ஆட் டு கார்ட்' என்று வைக்கலாம். கூடையில் போடுகிறவர் ஒருவருக்கு 100 ரூபாய் செலவானால் அதே ஐயாயிரத்தில் 50 பேர் கிடைத்துவிடுவார்கள். ஆனால் கண் விழிப்போடு இருக்க வேண்டும். முன்பு ஐந்து பேர் கூடையில் போட்டால் ஒருவர் வாங்கினார், இப்போது இருபது பேர் போட்டும் ஒருவர்தான் வாங்குகிறார் என்றால், கூடையை நிரப்பிவிட்டுப் போகிறவர்களை அமைப்பு கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம்.

நம் ஊரில் ஏராளமான சிறு வியாபாரிகளுக்கு இணையதளமே கிடையாது, எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். விளம்பரத்தைத் தொட்டால் உரையாடல் திறக்கும், 'இது பற்றி மேலும் தெரிந்துகொள்ளலாமா' என்பது போல ஒரு வரி தயாராக இருக்கும், அனுப்பு பொத்தானை அழுத்தினால் போதும். அமைப்பின் பார்வையில் வேலை முடிந்தது, ஓர் உரையாடல் தொடங்கிவிட்டது. விலையைச் சொன்னதும் அவர் காணாமல் போவது அதன் கணக்கில் வராது. அடுத்த நாளும் அதே மாதிரி அனுப்புகிறவர்களையே தேடித் தரும். இதற்கு நடைமுறையில் நான் பரிந்துரைப்பது, விலையை விளம்பரப் படத்திலேயே போட்டுவிடுவது. தயாராக இருக்கும் வரியையும் 'எனக்கு 2,400 ரூபாய் கோரா காட்டன் வேண்டும், எந்த நிறங்கள் இருக்கின்றன?' என்று மாற்றிவிடலாம். உரையாடல்களின் எண்ணிக்கை குறையும், ஒவ்வொன்றின் செலவும் ஏறும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எத்தனை பேர் பேசினார்கள் என்பதை விட்டுவிட்டு, எத்தனை பேர் பணம் அனுப்பினார்கள் என்று ஒரு நோட்டில் தனியாகக் குறித்துவாருங்கள்.

பதிவின் கீழே வரும் 'பூஸ்ட்' பொத்தானும் இதே வகைதான். அவசரமாக அழுத்தினால், பெரும்பாலும் லைக்கோ புரொஃபைல் பார்வையோதான் இலக்காக இருக்கும். புதுக் கடை திறப்பதை ஊருக்குச் சொல்ல வேண்டும் என்றால் அவேர்னஸ் மிகப் பொருத்தம். எழுத்தைப் படிக்க ஆள் வர வேண்டும் என்று நினைக்கும் தளத்துக்கு டிராஃபிக்கே சரி, அதிலும் கிளிக்கை விட்டு லேண்டிங் பேஜ் வியூவை இலக்காக வைத்தால் இன்னும் நல்லது.

சரியான நோக்கத்தைத் தேர்ந்த பிறகும் ஏமாற்றம் வரலாம், அதற்கு ஒரு மறைவான காரணம் உண்டு. 'பர்ச்சேஸ்' என்ற சமிக்ஞையை, பணம் கட்டிய பின் வரும் நன்றிப் பக்கத்தில் வைப்பதற்குப் பதிலாக, தளம் அமைத்தவர் கூடைப் பக்கத்தில் வைத்திருப்பார். அப்போது கூடையைத் திறந்து பார்த்தாலே விற்பனை என்று பதிவாகும். ஆட்ஸ் மேனேஜர் 40 விற்பனை என்று சொல்லும், உங்கள் ஆர்டர் புத்தகத்தில் 6 இருக்கும். மெட்டா கணக்குப் போடும் முறையால் சிறு வித்தியாசம் எப்போதும் வரும், இவ்வளவு பெரிய இடைவெளி வராது. 'ஈவென்ட்ஸ் மேனேஜர்' பகுதியில் 'டெஸ்ட் ஈவென்ட்ஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு நீங்களே ஒரு பொருளை வாங்கிப் பாருங்கள், எந்தப் பக்கத்தில் எந்தச் சமிக்ஞை போகிறது என்று நேரடியாகத் தெரியும்.

தவறான நோக்கத்தில் விளம்பரம் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தால், அதைத் திருத்த முடியுமா என்று தேட வேண்டாம். வெளியிட்ட கேம்பெயினின் ஆப்ஜெக்டிவை மாற்ற மெட்டா அனுமதிப்பதில்லை. அதை நிறுத்திவிட்டு, அதே படத்தையும் வாசகத்தையும் எடுத்துக்கொண்டு, சரியான நோக்கத்தில் புதிதாகத் தொடங்குங்கள்.