பக்க எல்லையில் தொலையும் பதிவுகள்

ஏபிஐ வழியாகப் பட்டியல் எடுக்கும்போது `limit=100&offset=100` என்று கேட்டால், சர்வர் முதல் நூறு வரிகளைத் தாண்டி அடுத்த நூறைத் தரும். அது எண்ணுவது இடத்தை மட்டுமே.

ஐடி வரிசையில் ஆர்டர்களை எடுப்பதாகக் கொள்வோம். முதல் பக்கம் வந்தபின் அதிலிருந்த மூன்று ஆர்டர்கள் நீக்கப்பட்டால், 101 முதல் 103 வரையிலான வரிகள் மேலேறிவிடும். இரண்டாம் பக்கம் பழைய 104ஆம் வரியில் தொடங்கும். அந்த மூன்றும் எந்தப் பக்கத்திலும் வராது. புதியவை முதலில் நிற்கும் வரிசையில் மூன்று ஆர்டர்கள் சேர்ந்தாலோ, முதல் பக்கத்தின் கடைசி மூன்றும் மறுபடி வரும். இரட்டிப்பை ஐடி காட்டிக்கொடுத்துவிடும். விடுபட்டதற்கோ பிழைச்செய்தியே இல்லை, அதுதான் ஆபத்து.

கடைசியாகக் கிடைத்த ஐடியைச் சொல்லி, `id > 5120` என்பதுபோல அதற்கு மேற்பட்டவற்றைக் கேட்டால், நீக்கங்கள் நடந்தாலும் எல்லை நகராது. ஏற்கெனவே எடுத்த பதிவு பின்னர் திருத்தப்பட்டால் மட்டும் இம்முறை அதைக் காட்டாது. அவற்றைத் திருத்திய நேரத்தை வைத்துத் தனியே எடுக்க வேண்டும்.