ஸ்டீல் வீலா, அலாய் வீலா?

ஸ்டீல் வீல் எஃகுத் தகட்டிலிருந்து உருவாகிறது. அழுத்தி வடிவமைத்த நடுத்தட்டையும் உருட்டி வளைத்த ரிம்மையும் வெல்டிங் வைத்து இணைக்கிறார்கள். அலாய் வீல் என்பது அலுமினியத்தோடு சிலிக்கானும் சிறிது மக்னீசியமும் கலந்து உருக்கி வார்ப்பது. வார்த்தபின் சூடேற்றி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி மிதமாகச் சூடேற்றும்போதுதான் அதற்கு முழு வலு வருகிறது.

அலுமினியத்தின் அடர்த்தி எஃகினுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆனாலும் அலாய் வீல் அந்த அளவுக்கு இலேசாக இருப்பதில்லை. வலு குறைந்த உலோகம் என்பதால் தடிமனாக வார்க்க வேண்டியிருக்கிறது. சிறிய கார்களின் 14 அங்குலச் சக்கரத்தில் எடை வித்தியாசம் பெரும்பாலும் ஓரிரு கிலோதான். மலிவான அலாய் வீல் சில ஸ்டீலைவிடக் கனமாகவும் இருக்கும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் ஓட்டத்தில் இந்த வித்தியாசம் கைக்குத் தெரியாது. விலையிலோ நன்றாகவே தெரியும்: ஒரு ஸ்டீல் வீலின் விலையைப்போல இரண்டு மூன்று மடங்கு அலாய்க்கு ஆகும்.

உண்மையான சோதனை மழைக்காலப் பள்ளத்தில் நடக்கிறது. ஒரே காரின் கீழ் மாடலில் 165/80 R14 டயரும் ஸ்டீல் வீலும், மேல் மாடலில் 185/65 R15 டயரும் அலாய் வீலும் வருவதாகக் கொள்வோம். முதல் டயரின் பக்கச்சுவர் 132 மில்லிமீட்டர் உயரம்; இரண்டாவது 120. ஆக, பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே 12 மில்லிமீட்டர் ரப்பர் குறைகிறது. அலாய் வாங்கியவர் அடியையும் கூடவே வாங்கியிருக்கிறார் என்று சொன்னால் தவறில்லை. காற்று குறைவாக இருந்தால் இரண்டுக்குமே ஆபத்துதான்.

அடிபட்டால் ஸ்டீல் பெரும்பாலும் வளையும். டயரைக் கழற்றிச் சுத்தியலாலோ பிரஸ்ஸாலோ பெண்டு எடுத்து, பேலன்சிங் பார்த்தால் சில நூறு ரூபாயில் வேலை முடியும். வெல்டிங் பிளந்திருந்தாலோ போல்ட் துளை நீண்டிருந்தாலோ மட்டும் தூக்கிப்போட வேண்டும்.

அலாய் சிறிது வளையும், அடி பலமானால் விரியும். விரிசல் பெரும்பாலும் காரின் அடிப்பக்கம் பார்த்த உள்விளிம்பில் விழுவதால் வெளியிலிருந்து கண்ணில் படாது. ஆணி ஏதும் குத்தாமலே சில நாளுக்கொருமுறை காற்று இறங்குவது முதல் அறிகுறி. சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வரும். விரிசலை வெல்டிங் செய்யலாம்தான், ஆனால் அந்தச் சூடு வார்ப்புக்குப் பிறகு ஏற்றிய வலுவை அவ்விடத்தில் அழித்துவிடுகிறது. உள்விளிம்பில் சின்ன விரிசலுக்கு இதைச் செய்து கொடுப்பவர்கள் உண்டு. ஆரக்காலிலோ போல்ட் துளையைச் சுற்றியோ விரிந்த வீலை வெல்டிங் செய்து ஓட்டவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். அப்போது அதே டிசைனில் ஒற்றை வீல் தேட வேண்டியிருக்கும். பழைய மாடல் காருக்கு அது எளிதில் கிடைப்பதில்லை.