கையெழுத்துக்கு மேலே ஒரு வரி

அலுவலகத்தில் கண்காணிப்பாளர் ஒருவர் 60 வயதில் ஓய்வு பெறுகிறார். பெரிய வாழ்த்து அட்டை ஒன்று மேசை மேசையாகச் சுற்றி வருகிறது. போன வருஷம் வேலைக்குச் சேர்ந்த இளநிலை உதவியாளர், “நீங்கள் நீடூழி வாழ ஆசிகளுடன்” என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். அடுத்து அட்டையை வாங்கியவர் சிரித்துவிடுகிறார்.

தமிழில் ஆசி மேலிருந்து கீழே மட்டும்தான் வரும். மூத்தவரை வாழ்த்தவே தயங்குகிறவர்கள் நம்மில் உண்டு. தெருமுனை பேனர்களில் “வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்” என்று பார்த்திருப்பீர்களே, அந்தத் தயக்கம்தான் அது. அந்த இளைஞர் “பணிவன்புடன்” என்றோ “வணக்கத்துடன்” என்றோ முடித்திருந்தால் போதும். சொந்தத் தாத்தாவுக்கு எழுதும்போது அந்தப் பணிவுகூட விறைப்பாகத் தெரியும். அங்கே “உங்கள் அன்புப் பேரன்” என்பதே நிறைவு.

அதே மேசையில் உட்காரும் சம வயதுக்காரருக்கு “அன்புடன்” எப்போதும் பொருந்தும். பல வருஷம் ஒன்றாக டீ குடித்தவர் என்றால் “என்றும் நட்புடன்” எழுதலாம். “என்றென்றும் உன் நினைவில்” போன்றவற்றை அலுவலக அட்டையில் எழுத வேண்டாம். பத்துப் பேர் படிப்பார்கள், பதினோராவது ஆள் கதை கட்டுவார்.

சிக்கல் வருவது வயதும் பதவியும் எதிரெதிராக நிற்கும்போது. 55 வயது அலுவலக உதவியாளர், 30 வயது அதிகாரிக்கு எழுதுகிறார். விடுப்புக் கடிதம் என்றால் வயதுக்கு அங்கே வேலை இல்லை. “இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள” என்று எழுதி, கீழே பெயரும் பதவியும் போட வேண்டியதுதான். அதே அதிகாரியின் கல்யாணத்துக்கு வாழ்த்து அட்டை தரும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும். “ஆசிகளுடன்” என்றால் உரிமை எடுத்துக்கொண்டதுபோல இருக்கும். “பணிவுடன்” என்றால் கல்யாண வீட்டிலும் கைகட்டி நின்றதுபோல ஆகிவிடும். “மனமார்ந்த வாழ்த்துகளுடன்” என்பது இரண்டுக்கும் நடுவில் கௌரவமாக நிற்கும். அந்த அதிகாரி அவரை வீட்டில் “அண்ணே” என்று அழைக்கிற அளவுக்குப் பழக்கம் இருந்தால், ஆசியையே எழுதலாம் என்பேன்.

இளையவர்களுக்கு எழுதுவது சுலபம். “அன்பும் ஆசியும்” என்று முடித்து, “உன் சித்தி” என்று உறவைப் போட்டால் சரி. குழந்தை என்றால் “அன்பு முத்தங்களுடன்”. தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளைக்கு அதை எழுதினால் கூச்சப்படுவான்.

கடைசியாக, எழுதியதைத் தொடக்கத்திலிருந்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். “அன்புள்ள தம்பி, நீ நலமா?” என்று தொடங்கிய கடிதம் “தங்கள் அன்புள்ள” என்று முடிந்தால், தம்பி ஏதோ மனஸ்தாபம் என்று நினைத்துக்கொள்வான். “தாங்கள்” என்று தொடங்கி “உன்” என்று முடிந்தாலோ பெரியவருக்குச் சுருக்கென்று இருக்கும். பழைய கடிதத்தைப் பார்த்து எழுதுகிறவர்களுக்கு இந்தத் தவறு அடிக்கடி நேர்கிறது. விளியை மாற்றுவார்கள், முடிவை மறந்துவிடுவார்கள்.