ராத்திரி 2:30-க்கு ஸ்டாப் லாஸ் ஏன் அடிக்குது? கரன்சி மார்க்கெட்டோட நேரக் கணக்கு

நம்ம நேரப்படி திங்கள் அதிகாலை திறக்கிற கரன்சி மார்க்கெட், சனி அதிகாலை வரைக்கும் மூடுறதே இல்லை. அதனால எப்ப ட்ரேட் போட்டாலும் ஒண்ணுதான்னு பலர் நினைக்கிறாங்க. ஆனா வாங்குற விலைக்கும் விற்கிற விலைக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி, அதாவது ஸ்ப்ரெட், மணிக்கு மணி மாறும். "ஜீரோ கமிஷன்"னு புரோக்கர் சொன்னாலும், நீங்க ஒவ்வொரு ட்ரேடுக்கும் கட்டுற செலவு அதுதான்.

யூரோ-டாலர் ஜோடியையே எடுத்துக்குவோம். 2022-ல பி.ஐ.எஸ். எடுத்த சர்வேப்படி, உலக கரன்சி வர்த்தகத்துல சுமார் 38% பிரிட்டன்லயும், 19% அமெரிக்காவுலயும் நடக்குது. அப்போ லண்டன், நியூயார்க் ரெண்டு ஊர் டீலர்களும் சீட்ல இருக்கிற நேரம்தான் பிஸியான நேரம். அங்க கோடைக்காலம்னா நமக்கு மாலை 5:30 முதல் இரவு 9:30 வரை. குளிர்காலம்னா 6:30 முதல் 10:30. நம்ம கடிகாரத்தை நாம மாத்துறதில்லை, அவங்க மாத்துறாங்க. அதுலயும் ரெண்டு நாடும் ஒரே நாள்ல மாத்துறதில்லை. மார்ச்ல அமெரிக்கா முந்திக்கும், அக்டோபர் கடைசியில பிரிட்டன் முந்திக்கும். இடைப்பட்ட அந்த சில நாள் மட்டும் நமக்கு 5:30 முதல் 10:30 வரை, அஞ்சு மணி நேரம் கிடைக்கும்.

இந்த நேரத்துல ஸ்ப்ரெட் ஏன் குறையுது? நீங்க யூரோவை வித்தா, அதை வாங்கிக்கிற டீலர் வேற யாருக்காவது தள்ளிவிடணும். கையில வச்சிருக்கிற நேரத்துல விலை இறங்கினா நஷ்டம் அவருக்கு. கோயம்பேட்டுல கூட்டம் நெருக்கியடிக்கிற நேரத்துல தக்காளி வியாபாரி கிலோவுக்கு சில்லறை லாபத்துக்கே கொடுத்துடுவார், ஏன்னா அடுத்த ஆள் பின்னாடியே நிக்கிறார். அதே கதைதான் இங்கயும். ஆளே இல்லாத நேரத்துல, காத்திருக்கிற ரிஸ்க்கையும் சேர்த்து விலை சொல்வாங்க.

அந்த ஆளே இல்லாத நேரம் நியூயார்க்ல மாலை 5 மணி. நமக்கு ராத்திரி 2:30, குளிர்காலத்துல 3:30. அமெரிக்க டீலர்கள் கணக்கை முடிச்சுட்டுக் கிளம்புவாங்க, டோக்கியோ இன்னும் முழுசா வந்திருக்காது. மார்க்கெட்டோட ஒரு நாள் முடிஞ்சு அடுத்த நாள் தொடங்குறதும் அப்பதான்.

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 10,000 யூரோவை 1.1000-ல வித்திருக்கீங்க. விலை 1.1015-க்கு ஏறினா வெளிய வந்துடணும்னு ஸ்டாப் லாஸ் வச்சுட்டுத் தூங்கிட்டீங்க. இந்த அளவுக்கு ஒரு பிப் நகர்வு 1 டாலர். ராத்திரி பிட் விலை 1.1008. வழக்கமா ஆஸ்க் 1.1009 இருக்கும், பிரச்சினையே இல்லை. ஆனா 2:31-க்கு ஸ்ப்ரெட் 8 பிப் ஆகி ஆஸ்க் 1.1016-க்குப் போயிடுச்சு. வித்தவர் திரும்ப வாங்குறது ஆஸ்க் விலையிலதானே? ஸ்டாப் அடிச்சுடும், 16 டாலர் நஷ்டம். காலையில சார்ட்டைப் பார்த்தா விலை 1.1008-ஐத் தாண்டவே இல்லை! பெரும்பாலான சார்ட் பிட் விலையை மட்டும்தான் வரையும். "புரோக்கர் ஏமாத்திட்டான்"னு கோபப்படுறதுக்கு முன்னாடி, ஸ்டாப் அடிச்ச நேரத்தையும் அப்போ இருந்த ஆஸ்க் விலையையும் பாருங்க. உங்க நிலை எந்த மார்ஜின்ல நிக்குதுங்கிறதைப் பொறுத்து இந்த 8 பிப் வலிக்கும்.

ஆள் குறைவான நேரம் எவ்வளவு மோசமாகலாம்ங்கிறதுக்கு 2016 அக்டோபர் 7 சாட்சி. நம்ம நேரம் அதிகாலை நாலரை மணி வாக்குல, பிரிட்டிஷ் பவுண்டு சில நிமிஷத்துல டாலருக்கு எதிரா சுமார் 9% சரிஞ்சு, பெரும்பகுதி உடனே மீண்டுச்சு. விசாரிச்ச பி.ஐ.எஸ். அறிக்கை, அந்த நேரத்தையே முக்கியக் காரணங்கள்ல ஒண்ணா சொன்னது.

அதுக்காக மாலை நேரம் முழுக்கப் பாதுகாப்புன்னு எடுத்துக்காதீங்க. அமெரிக்க வேலைவாய்ப்பு, பணவீக்கப் புள்ளிவிவரங்கள் அங்க காலை 8:30-க்கு வரும். நமக்கு மாலை 6 மணி, குளிர்காலத்துல 7. அந்த சில நொடிகள் டீலர்கள் விலையை விலக்கி வச்சுக்குவாங்க. அன்னைக்கு மட்டும் மார்க்கெட் ஆர்டரைத் தவிர்த்துட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு உள்ள போங்க. யென் ஜோடின்னா டோக்கியோ காலை, அதாவது நமக்கு 5:30-க்கு மேல, ஓரளவு நல்லாவே இருக்கும்.

இந்தியாவுல வசிக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். ஆர்.பி.ஐ. அனுமதி இல்லாத வெளிநாட்டு ஆப்கள்ல ட்ரேட் பண்றது ஃபெமா விதிமீறல், அதுல ஸ்ப்ரெட் எவ்வளவு குறைவா இருந்தாலும் சரி. என்.எஸ்.இ.-ல யூரோ-டாலர், பவுண்டு-டாலர், டாலர்-யென் காண்ட்ராக்ட்கள் காலை 9 முதல் இரவு 7:30 வரை. அதாவது லண்டன்-நியூயார்க் நேரத்துல நமக்குக் கிடைக்கிறது கோடையில ரெண்டு மணி நேரம், குளிர்காலத்துல ஒரே ஒரு மணி நேரம். ஆனா இங்க ஆர்டர் புக்கே தனி. லண்டன்ல கூட்டம் இருக்கிறதால இங்கயும் கூட்டம் இருக்கும்னு அர்த்தம் இல்லை. ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி முதல் அஞ்சு பிட், அஞ்சு ஆஸ்க் விலையையும் அளவையும் பாருங்க. உங்க அளவுக்கு எதிர்ல ஆள் இல்லைன்னா லிமிட் ஆர்டர் மட்டும் போடுங்க.